பஃபரை எல்லா வேலையிலும் தூவாமல் கடைசியில் வைத்தோம்

கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் புதிய சர்வருக்கு மாற்றும் புராஜெக்ட். பழைய டேட்டாவை எடுப்பது, சுத்தம் செய்வது, புது மாட்யூல் எழுதுவது, இணைப்பது, சோதிப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வேலை. அவரவர் சொன்ன நாட்கள் 10, 14, 16, 10, 10, கூட்டினால் 60.

இதில் எல்லோருமே பத்திரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நாட்களை, அதாவது பஃபரை, சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்கள். அது தப்பில்லை, ஆனால் அப்படிச் சேர்த்த நாட்கள் மிஞ்சுவதே இல்லை. பத்து நாள் இருக்கிறதே என்று நான்காம் நாள்தான் தொடங்குவார்கள், அப்படியே சீக்கிரம் முடிந்தாலும் அடுத்த முறை ஐந்து நாள்தான் தருவார்கள் என்ற பயத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தாமதம் மட்டும் அடுத்தவர் தலையில் விழும்.

அதனால் 'கிரிட்டிக்கல் செயின்' முறையைப் பிடித்தோம். எல்லாம் சுமாராகப் போனால், பாதிக்குப் பாதி வாய்ப்பில் எத்தனை நாளில் முடியும் என்று கேட்டோம். 5, 7, 8, 5, 5 என்று வந்தது, மொத்தம் 30. வெட்டிய 30 நாளில் பாதியை, அதாவது 15 நாளை, எல்லோருக்கும் பொதுவான பஃபராகக் கடைசியில் வைத்தோம். வாடிக்கையாளரிடம் சொன்ன தேதி 45-ஆம் நாள். எல்லா வேலையும் ஒரே நேரத்தில் சொதப்பாது, சிலது முன்னாலும் முடியும். பாதி போதும் என்பதற்குக் காரணம் அதுதான்.

டேட்டா சுத்தம் செய்வதில்தான் அடி விழுந்தது. பழைய பில்களில் கடையின் ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில், ஒவ்வொன்றிலும் தனித்தனி பாக்கித்தொகையோடு இருந்தார். தினமும் காலையில் "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று கேட்காமல் "இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டதால், இது இழுக்கும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 7 நாள் வேலை 12 நாள் ஆனது. பஃபரில் 5 போச்சு, அதாவது மூன்றில் ஒரு பங்கு, ஆனால் அதற்குள் திட்டமிட்ட 30 நாள் வேலையில் முதல் இரண்டும் சேர்த்து 5+7, 12 நாள் வேலை, 40 சதவீதம், முடிந்திருந்தது. வேலையைவிட பஃபர் மெதுவாகக் கரைகிறது என்றால் பதற வேண்டியதில்லை. இதே 5 நாள் முதல் வேலையிலேயே போயிருந்தால் உடனே உட்கார்ந்து பேசியிருப்போம்.

அப்புறம் இணைப்பு வேலை சீக்கிரமே முடிந்தது, சோதிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அவர் மறுநாளே கையில் எடுத்தார், மிச்சமான நேரம் பஃபருக்கே திரும்பியது. சொன்ன தேதிக்கு முன்பே ஒப்படைத்தோம்.

இரண்டு இடத்தில் இது உடையும். "5 நாள் என்றாயே, ஆறாவது நாள் ஆகிறதே" என்று மேனேஜர் ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த புராஜெக்டில் எல்லோரும் மறுபடி பத்து நாள் என்பார்கள். ஒரே சீனியரை நம்பி ஐந்து வேலையும் நின்றால், அவர் படுத்துவிட்டால் எல்லாமே ஒன்றாகத் தாமதமாகும். அந்த மாதிரி புராஜெக்டுக்குப் பாதி பஃபர் பத்தாது.