முதலில் எக்ஸ்ரேயைப் பாருங்கள்: இடுப்பு கேஸில் நான் தோற்றதும் தேறியதும்

அடல்ட் ஹெல்த் நர்சிங் பிராக்டிகல் முடிவு முந்தாநாள் வந்தது. இரண்டாவது தடவையில் பாஸ். முதல் தடவை போனதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி, அதுவும் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிற கேள்வி. ஆறு மாதமாக அதை நினைத்து வயிறு எரிந்ததால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்று எனக்கு விழுந்த நோயாளி வயதானவர், இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். கேர் பிளானில் நான் முதலில் எழுதியது ‘மூட்டு விலகும் அபாயம்’. காலுக்கு நடுவே தலையணை, 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். எக்ஸ்டர்னல் மேடம் கேட்டுவிட்டு, “என்னம்மா ஆபரேஷன் பண்ணியிருக்காங்க?” என்றார். “ஹிப் சர்ஜரி மேடம்.” “எக்ஸ்ரே பார்த்தியா?” பார்க்கவில்லை. எடுத்துக் காட்டினார். தொடை எலும்புக்குள் நீளமாக ஒரு கம்பி, மேலே ஸ்க்ரூ. பி.எஃப்.என். அவருடைய சொந்த மூட்டு அப்படியே இருக்கிறது. முறிவு மூட்டுக்கு வெளியே, ட்ரோகான்டர் பக்கம். இதில் விலக எதுவுமே இல்லை. நான் சொன்ன தடைகளை எல்லாம் போட்டிருந்தால், நன்றாக உட்கார வேண்டிய மனிதரைப் பயமுறுத்திப் படுக்கையிலேயே கிடத்தியிருப்பேன். படுக்கையில் கிடந்தால் ரத்தம் உறையும்.

அதனால், கேஸ் ஷீட்டைத் தொட்டதும் இரண்டைப் பாருங்கள். உள்ளே இருப்பது கம்பியா, செயற்கை மூட்டா? செயற்கை மூட்டு என்றால் எந்தப் பக்கமாகத் திறந்தார்கள்? முறிவு தொடை எலும்பின் கழுத்தில் என்றால், அதுவும் விலகிப் போயிருந்தால், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் பந்தை எடுத்துவிட்டு பைபோலார் என்ற செயற்கைப் பந்தைப் போடுவார்கள். பின்பக்கமாகத் திறந்திருந்தால்தான் நாம் மனப்பாடம் செய்த மூன்று தடைகளும்: 90 டிகிரிக்கு மேல் மடக்காதே, காலை நடுக்கோடு தாண்டிக் கொண்டுபோகாதே, பாதத்தை உள்பக்கம் திருப்பாதே. முன்பக்கமாகத் திறந்திருந்தால் பயம் தலைகீழ். காலைப் பின்னால் நீட்டுவதும் வெளிப்பக்கம் திருப்புவதும்தான் அங்கே ஆபத்து. ஆபரேஷன் நோட்ஸில் ஒரு வரி இருக்கும், தேடுங்கள்.

இரண்டாம் தடவை எனக்கு வந்தது பாபநாசம் பக்கத்துப் பாட்டி. 76 வயது. களத்தில் காய்ந்த நெல்லைக் கிளறும்போது வழுக்கி விழுந்தவர். பைபோலார், பின்பக்கத் திறப்பு, இரண்டாம் நாள். இந்த முறை எக்ஸ்ரேயைத்தான் முதலில் கையில் எடுத்தேன்.

மூட்டு விலகுவது நாம் நினைக்கிற மாதிரி பெரிய அசைவில் நடப்பதில்லை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டி லாக்கரின் கீழ்த் தட்டில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி அதை எட்டி எடுக்கக் குனிந்தால் 90 டிகிரி தாண்டிவிடும். பெட்டியை மேலே எடுத்து வைத்தேன். மகள் கொண்டுவந்த குட்டை பிளாஸ்டிக் ஸ்டூலையும் ஒதுக்கினேன், முட்டி இடுப்புக்கு மேலே வருகிற எந்த இருக்கையும் ஆகாது. அப்புறம் வீட்டுக் கழிப்பறையைக் கேட்டேன். குந்தி உட்காருகிற வகை. கமோட் நாற்காலி ஏற்பாடு செய்யாமல் டிஸ்சார்ஜ் பேச்சே எடுக்கக் கூடாது. “உறுதியாத் தேறுவ” என்று மேடம் முகத்தில் தெரிந்தது இந்த இடத்தில்தான் (நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்).

வைவாவில் பொறி ஒன்று: முறிந்த கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பைபோலார் பின்பக்கம் விலகினால் குட்டையாகி உள்பக்கம் திரும்பியிருக்கும், கூடவே திடீர் வலி. இழுத்துச் சரிசெய்யப் போகாதீர்கள், அசைக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ரத்தம் உறைவது பற்றி நான் சொன்னவை சுருக்கமாக:

- இனாக்ஸபாரின் 40 மி.கி., தினம் ஒரு தடவை, தோலுக்கடியில். சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும், கிரியேட்டினின் பாருங்கள்.
- முழு டோஸ் நிரப்பி வருகிற சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழை வெளியேற்றாதீர்கள், மருந்தும் சேர்ந்து போகும். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தோலை மடித்துப் பிடித்துக் குத்துங்கள். குத்திய இடத்தைத் தேய்க்காதீர்கள்.
- இந்த ஊசி வார்டோடு நிற்காது, வழக்கமாக 28 முதல் 35 நாள். வீட்டில் யார் போடுவது என்று கேட்பார்கள்.
- பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தண்ணீர், மறுநாளே எழுப்பி நிற்கவைப்பது.
- ஹோமன்ஸ் சைன் சொல்லாதீர்கள், நம்ப முடியாத சோதனை. முட்டிக்குக் கீழே இருக்கும் எலும்புப் புடைப்பிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டைக்காலையும் நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் உடனே சொல்ல வேண்டும்.

அளந்துகொண்டிருக்கும்போதே பாட்டியின் மகள் தைலப் பாட்டிலைத் திறந்து கெண்டைக்காலை நீவ ஆரம்பித்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே ரத்தம் உறைந்த கட்டி இருந்தால் கழன்று நுரையீரலுக்குப் போகும் என்று அந்த அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

இனி மனக் குழப்பம், அதாவது டெலிரியம். எல்லோரும் தப்பவிடுவது இதைத்தான். முதல் இரவு பாட்டி கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடணும் என்று டிரிப்பைப் பிடுங்கியிருக்கிறார். அதனால் தேர்வு அன்று காலை மகள், “அம்மா இன்னைக்குச் சமத்தா படுத்திருக்கு” என்று நிம்மதியாகச் சொன்னார். எனக்கு அந்தச் சமத்துதான் உறுத்தியது. சத்தம் போடுகிற குழப்பம் எல்லோர் கண்ணிலும் படும், தூங்குகிற குழப்பத்தை யாரும் எழுதிவைப்பதில்லை.

குழப்பத்தை மதிப்பெண் போட்டு அளக்கிற 4AT போட்டேன். கூப்பிட்டால் விழிக்கிறார், பேச்சின் நடுவே மறுபடி கண் சொருகுகிறது: 4. வயது, பிறந்த தேதி, இடம், வருடம் நான்கும் கேட்க வேண்டும். பிறந்த தேதி பாட்டிக்கு எப்போதுமே தெரியாது என்று மகள் சொன்னதால் அதைக் குறையாக எண்ணவில்லை. ஆனால் இடத்தைக் கேட்டால் “எங்க வீட்டுத் திண்ணை” என்றார், வருடமும் தப்பு: 2. மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்ல வேண்டும். டிசம்பர், நவம்பர் என்று கேட்டால் நல்ல நாளிலேயே அவருக்கு வராது. பங்குனியிலிருந்து கேட்டேன். “பங்குனி, மாசி, தை… சித்திரை” என்று நின்றார். ஏழு வராததால் 1. விழுவதற்கு முன் வீட்டுக் கணக்கெல்லாம் அவர்தான் பார்த்தார், இது இரண்டு நாளில் வந்த மாற்றம்: 4. மொத்தம் 11. 4 வந்தாலே டெலிரியம் என்று சந்தேகிக்க வேண்டும்.

மதிப்பெண் போட்டுவிட்டு நின்றால் பாதி மார்க்தான். காரணத்தைத் தேடுங்கள். ஆக்சிஜன் 96. சோடியம் அனுப்பியிருக்கிறார்கள். சார்ட்டில் இரவு டிராமடாலோடு ஏவில் ஊசி. தூங்கட்டும் என்று போட்டிருப்பார்கள், ஆனால் வயதானவர்களைக் குழப்புகிற மருந்துகளில் அது முன்வரிசை. வலிக்கு நேரம் தவறாத பாராசிட்டமால் மட்டும் எழுதப்படவே இல்லை. நான்கு நாளாக மலம் கழிக்கவில்லை. காலை 6 மணிக்குக் கதீட்டரை எடுத்திருக்கிறார்கள். மணி 12.30, அதற்குப் பிறகு அளவுக் குறிப்பு இல்லை. அடிவயிற்றில் கை வைத்தேன், தேங்காய் மாதிரி கெட்டியாக ஒரு மேடு. கை பட்டதும் பாட்டி முகம் சுளித்தார். ஸ்டாஃப் அக்காவிடம் சொன்னேன். டியூப் போட்டதும் 650 மி.லி. வடிந்தது.

கையைக் கட்டச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள், கட்டினால் திமிறுவார், புது மூட்டுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. மூக்குக்கண்ணாடி பையிலேயே கிடந்தது, எடுத்து மாட்டிவிட்டேன். இரவில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்று மகளிடம் சொன்னேன்.

ரெக்கார்டில் கையெழுத்து வாங்க மறுநாள் அதே வார்டுக்குப் போனேன். பாட்டி தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மகளிடம், “மாசத்தைத் தலைகீழாச் சொல்லச் சொல்லி உயிரை வாங்கினாளே, அந்தப் பொண்ணா இது?” என்றார்.