எசேக்கியாவின் அத்திப்பழ அடை: ஒரு ஜெபக்குழு நாட்குறிப்பு

ஜூலை 7, ஞாயிறு

(சம்பந்தப்பட்ட தம்பியிடம் கேட்டுக்கொண்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் ஜெபக்குழுவில் இருக்கும் அந்தத் தம்பி ஒரு மாதமாகத் தினமும் அவருக்கு போன் செய்கிறானாம். கேள்வி ஒன்றேதான்: "ஐயா, நான் பரிசுத்த ஆவிக்கு விரோதமா தூஷணம் சொல்லிட்டேனா?" இல்லை என்று ஐயா சொன்னதும் நிம்மதியாகிவிடுவான். அரை மணி நேரம் கழித்து மறுபடி போன் வரும்.

"நீங்க மனநலப் பிரிவுல நர்ஸா இருந்தவங்க. கொஞ்சம் பேசிப் பாருங்களேன்" என்றார். பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மன்னிப்பு கிடைத்த மனசு இத்தனை சீக்கிரம் காலியாகிறது என்றால், நான் வார்டில் நிறைய பார்த்த ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

வீட்டுக்கு வந்தான். வயது 23, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். வேதாகமத்தைக் கையிலேயே வைத்திருந்தான். மத்தேயு 12-ஆம் அதிகாரம் வருகிற தாள்களை மட்டும் கிளிப் போட்டு மூடியிருந்தான். மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றிய வசனம் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

ஜெபிக்கும்போது ஆண்டவரைத் திட்டுகிற வார்த்தைகள் மனசில் வருகின்றன. வந்ததும் "இயேசுவே மன்னியும்" என்று ஏழு முறை சொல்ல வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். காலையில் பத்து நிமிடத்தில் முடியும் ஜெபம் இப்போது இரண்டு மணி நேரம் இழுக்கிறது. நற்கருணை எடுப்பதையே விட்டுவிட்டான்.

அந்த வார்த்தைகள் காதில் யாரோ சொல்வது போலக் கேட்கிறதா, உள்ளே தோன்றுகிறதா என்று கேட்டேன். "உள்ளதான் ஆன்ட்டி. என் மனசுதான். ஆனா நான் நினைக்கல." வெளியிலிருந்து குரல் கேட்பது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு. இது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்பார்கள். சிலர் கையைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள், சிலர் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். இவனுக்கு அது மன்னிப்புக் கேட்பதில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எது ஒருவனுக்கு உயிரோ, அதைத்தான் இந்த நோய் தேடிப் பிடிக்கும். கடவுளைப் பொருட்டாக எண்ணாதவனுக்கு இந்தப் பயம் வராது.

செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்டுவிட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டுவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. "செத்தா நேரா நரகம்தானே ஆன்ட்டி, அதனாலதான் பயம்" என்றான். சாகத் திட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் 14416 என்ற எண்ணை அவன் போனில் நானே பதிந்து கொடுத்தேன். டெலிமானஸ் என்கிற அரசு உதவி எண் அது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஜூலை 11, வியாழன்

குழுவில் பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு அண்ணன், பிசாசின் போராட்டம் இது, மூன்று நாள் உபவாசம் போட்டு ஜெபித்தால் ஓடிவிடும் என்கிறார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் தூக்கமே இல்லாத பிள்ளையைப் பட்டினியும் போட்டால் மூளைக்குச் சுத்தமாகத் தெம்பிருக்காது. தவிர, எத்தனை நாள் உபவாசம் இருந்தாலும், 'சரியாக இருந்தேனா?' என்றுதான் அவன் அடுத்து கேட்பான். "அவனுக்குப் பதிலா நீங்க உபவாசம் இருங்கண்ணே, அவன் நல்லா சாப்பிட்டுத் தூங்கட்டும்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஜூலை 12, வெள்ளி

நேரில் சொன்னால் அவன் கேள்வி மேல் கேள்வி கேட்பான், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதனால் எழுதிக் கொடுத்துவிட்டேன். "உன் விசுவாசம் குறைவு" என்று படக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்றும் எழுதக் கூடாது, அவனுக்கு இது நரகம். அனுப்பியது இது:

"அன்புத் தம்பி, நீ ஆண்டவரை நேசிப்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த எண்ணங்கள் வரும்போது நீ படும் வேதனையே அவை உன் விருப்பம் இல்லை என்று காட்டுகிறது. இதை ஒரே ஒரு முறைதான் சொல்வேன். திரும்பத் திரும்பச் சொன்னால் உன் பயம்தான் வளரும்.

எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடந்தபோது அழுது ஜெபித்தார். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டேன் என்றார். அதற்குப் பிறகும் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்ட வீட்டில்தான் மருந்தும் போடப்பட்டது.

உனக்கு இருப்பதற்கு வைத்தியம் உண்டு. செவ்வாய் காலை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நான் கூட வருகிறேன். உன் விசுவாசத்தை விட்டுவிடச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். ஜெபத்தை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. நாங்களும் உனக்காக ஜெபிக்கிறோம்."

இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது: "செவ்வாய் எத்தனை மணிக்கு ஆன்ட்டி?"

ஜூலை 16, செவ்வாய்

டாக்டர் அம்மா பொறுமைசாலி. சர்ச்சுக்குப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்க சபையில சாதாரணமா ஒருத்தர் எவ்வளவு நேரம் ஜெபிப்பாங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் போதகரிடம்தான் இருக்கிறது, அவரையும் பேசச் சொல்லுங்கள் என்றார். தம்பியின் முகம் அப்போதுதான் இளகியது.

ஃப்ளூக்சிட்டின் 20 மில்லிகிராம், காலையில் ஒன்று. முதல் ஒன்றிரண்டு வாரம் வயிற்றுப் பிரட்டலும் படபடப்பும் இருக்கலாம், அந்த நாட்களில் சாகத் தோன்றினாலோ பரபரப்பு கூடினாலோ உடனே வர வேண்டும் என்று அவன் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். ஓ.சி.டி.க்கு மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும். முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அளவையும் கூட்ட வேண்டியிருக்கும்.

கூடவே மனப்பயிற்சி. கெட்ட எண்ணம் வந்தால் வரட்டும், பதிலுக்கு ஏழு முறை சொல்லாமல் அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பயம் தானாக இறங்குவதை அவனே பார்ப்பான். ஆண்டவரைத் திட்டச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தான். அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் திறக்க பயப்படும் பக்கத்தைத் திறப்பது, தடுமாறிய ஜெபத்தை அப்படியே விட்டுவிடுவது, அவ்வளவுதான்.

ஜூலை 21, ஞாயிறு

போதகர் ஐயா டாக்டரிடம் போனில் பேசிவிட்டார். காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நிமிட ஜெபம். திக்கினாலும் திரும்பச் சொல்லக் கூடாது. 'தூஷணமா?' என்று கேட்டால் ஐயா, நான், அவன் அம்மா மூவரும் ஒரே பதில்தான் சொல்வோம்: "அதுக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாச்சு தம்பி." ஐயாவுக்குத்தான் இது கஷ்டம். அழுகிறவனிடம் மன்னிப்பு உண்டு என்று சொல்லாத போதகர் என்ன போதகர் என்கிறார். நியாயம்தான். லுத்தரும் மடத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்துகொண்டே இருந்தார், அவருடைய குருவானவர் ஸ்டவ்பிட்ஸ் அலுத்துப்போனார் என்பதை ஐயாவே நினைவுபடுத்திச் சிரித்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மருந்து 40 மில்லிகிராம் ஆகியிருக்கிறது. மத்தேயு 12-ஐத் திறந்து, அந்த வசனத்தை ஒரு முறை படித்து மூடினானாம். கை வியர்த்ததாம். ஆனால் ஏழு முறை சொல்லவில்லை. போன வாரம் ஐயாவுக்கு இரண்டே போன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நற்கருணை எடுத்தான். ஜெபம் சில நாள் அரை மணி நேரம் ஆகிறது, முன்பு இரண்டு மணி. எண்ணங்கள் நிற்கவில்லை, வந்துவிட்டுப் போகின்றன என்கிறான்.

வாசலில் அவன் அம்மா பிடித்துக்கொண்டார்: "ஆண்டவர் சுகம் கொடுத்துட்டாரேக்கா, மாத்திரையை நிறுத்திடலாமா?" கூடாது என்றேன். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஒரு வருஷமாவது தொடர வேண்டும், குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான், படிப்படியாக. சட்டென்று விட்டால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். சாட்சி சொல்லும் கூட்டத்தில் சுகமானதைச் சொல்லலாமா என்றும் கேட்டார். சொல்லட்டும், மாத்திரை சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்வதாக இருந்தால், அதுவும் தம்பிக்கே விருப்பம் இருந்தால். அவனிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.