டியூராவுக்கு மேலே, டியூராவுக்குக் கீழே: வைவாவிலும் சி.டி.யிலும் தடுமாறாமல் இருக்க

ராயபுரம் பழைய சிறைச்சாலை சாலையில் அனாட்டமி ஹாலில் முதல் வருடம் மூளை உறைகளைப் படிப்பவர்களும், அதே வளாகத்தில் கேஷுவாலிட்டி டியூட்டி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்களும் தலைக்காயத்து ரத்தக்கட்டுகளைப் பற்றி ஒரே வாக்கியத்தைத்தான் மனப்பாடமாகச் சொல்வார்கள்: "எக்ஸ்ட்ராடியூரல் லென்ஸ் மாதிரி, சப்டியூரல் பிறை மாதிரி." வாக்கியம் சரிதான். ஆனால் வைவாவில் அடுத்த கேள்வி "ஏன்?" என்று வரும். அங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அந்த ஏனுக்குப் பதில் முழுக்க டியூராவின் இரண்டு அடுக்குகளில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் வடிவத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

டியூரா இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு மண்டையோட்டின் உட்புறப் பெரியாஸ்டியமேதான், எலும்போடு ஒட்டியிருக்கும். சூச்சர் வரும் இடங்களில் அந்த இடைவெளி வழியாக வெளிப்புறப் பெரியாஸ்டியத்தோடு தொடர்ந்துவிடுவதால் அங்கே பிடிப்பு மிக இறுக்கம். டிசெக்‌ஷனில் மண்டையோட்டு மூடியைக் கழற்றும்போது கவனித்துப் பாருங்கள். எலும்பின் வெளித்தட்டை ரம்பத்தால் அறுத்து, உள்தட்டை உளி வைத்துத் தட்டிப் பிளந்தபின் மூடியை இழுத்தால் மற்ற இடங்களில் டியூரா உரிந்து வரும், சூச்சர் ஓரத்தில் கை நிற்கும். கையில் உணர்கிற அந்தத் தடைதான் ஸ்கேனில் எக்ஸ்ட்ராடியூரல் ரத்தம் நிற்கிற கோடு.

உள் அடுக்கு மூளைப் பக்கம் பார்த்திருப்பது. பெரும்பாலான இடத்தில் இரண்டும் ஒட்டியே இருக்கும். சில இடங்களில் மட்டும் உள் அடுக்கு எலும்பை விட்டு விலகி உள்ளே மடிந்து இறங்கும். நடுவில் இறங்கும் மடிப்பு ஃபால்க்ஸ், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே கூரையாகப் படுத்திருப்பது டென்டோரியம். மடிப்பு தொடங்கும் இடத்தில் இரண்டு அடுக்குக்கும் நடுவே கிடைக்கிற முக்கோண இடைவெளியில்தான் சிரைச் சைனஸ் ஓடுகிறது: நடுக்கோட்டில் சுப்பீரியர் சஜிட்டல், பின்னால் பக்கவாட்டில் டிரான்ஸ்வெர்ஸ். எல்லாச் சைனஸும் இரண்டு அடுக்குக்கு நடுவில் என்று எழுதிவிடாதீர்கள். ஃபால்க்ஸின் கீழ் ஓரத்தில் ஓடும் இன்ஃபீரியர் சஜிட்டலும், ஃபால்க்ஸும் டென்டோரியமும் சேரும் இடத்தில் ஓடும் ஸ்ட்ரெயிட் சைனஸும் உள் அடுக்கின் மடிப்புக்குள்ளேயே இருப்பவை. அவை எலும்பைத் தொடுவதில்லை.

இப்போது ரத்தத்தை ஊற்றிப் பாருங்கள். எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவில் இயல்பாக இடமே கிடையாது. ரத்தம் டியூராவை உரித்துத்தான் இடம் செய்துகொள்ள வேண்டும். கடல் ஓரத்து வீட்டுச் சுவரில் உப்பு ஏறி பெயின்ட் கொப்புளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் புடைக்கும், ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கும் பெயின்ட் கொப்புளத்தைப் பரவவிடாமல் பிடிக்கும். எக்ஸ்ட்ராடியூரலும் அப்படித்தான். மெல்லிய டெம்போரல் எலும்பு உடைந்து மிடில் மெனிஞ்சியல் தமனி கிழிந்தால் தமனி அழுத்தத்தில் உரிந்துகொண்டே போகும், சூச்சர் வந்ததும் நிற்கும். பக்கவாட்டில் போக முடியாததால் உள்ளே தள்ளும். இரண்டு பக்கமும் குவிந்த லென்ஸ் இப்படி உருவாகிறது.

சப்டியூரலில் கதை வேறு. உள் அடுக்குக்கும் அரக்னாய்டுக்கும் நடுவே இருப்பது பிடிப்பில்லாத செல் வரிசை மட்டுமே. ஈரமான இரண்டு பாலிதீன் தாளுக்கு நடுவே தண்ணீர் விட்டால் சட்டென்று விரிந்து ஓடுமே, அது போல ரத்தம் அரைக்கோளம் முழுக்கப் படரும். சூச்சர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் சூச்சரில் ஒட்டியிருப்பது வெளி அடுக்கு. ரத்தம் அதற்கும் உள்ளே இருக்கிறது. அதை நிறுத்துவது உள் அடுக்கின் மடிப்புகள் மட்டும்தான். ஃபால்க்ஸைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகாது, டென்டோரியத்தைத் தாண்டிக் கீழே இறங்காது. மடிப்பின் ஓரமாகப் படிந்து கிடக்கும், அவ்வளவுதான். மூளையின் மேற்பரப்பிலிருந்து சைனஸுக்குப் பாலம் போல் தாவும் சிரைகள் இந்த இடத்தைக் கடக்கும்போது சுவர் மெலிந்திருக்கும். வயதானவர்களுக்கு மூளை சுருங்கி அந்தச் சிரைகள் இழுபட்டு நிற்பதால் சின்ன அடியே போதும்.

ஆகவே விதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்ட்ராடியூரல் சூச்சரில் நிற்கும், மடிப்பைத் தாண்டும். சப்டியூரல் சூச்சரைத் தாண்டும், மடிப்பில் நிற்கும். வடிவத்தைவிட இந்த எல்லை நம்பகமானது. தொடக்கத்தில் மெல்லியதாக இருக்கும் எக்ஸ்ட்ராடியூரல் லென்ஸ் மாதிரி தெரியாது. பழைய சப்டியூரல் உள்ளே தடுப்புகள் வளர்ந்து லென்ஸ் மாதிரி தெரியலாம். எல்லை விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. எலும்பு முறிவு சூச்சரின் குறுக்கே ஓடினாலோ சூச்சரே பிளந்துவிட்டாலோ அந்தப் பிடிப்பு போய்விடும், எக்ஸ்ட்ராடியூரல் சூச்சரைத் தாண்டும். எனவே போன் விண்டோவைப் பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு கேஸ். எண்ணூர் விரைவுச்சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரியின் மேடையிலிருந்து 32 வயது கிளீனர் மல்லாந்து விழுகிறார், பின்மண்டை தரையில் அடிபடுகிறது. ஒரு மணி நேரத்தில் எடுத்து வருகிறார்கள். பேசுகிறார், ஜி.சி.எஸ். 15, தலைவலி, இரண்டு முறை வாந்தி. ஆக்சியல் சி.டி.யில் வலது ஆக்சிபிடல் லோபுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி 8 மி.மீ. வெள்ளைப் பட்டை. இன்னும் கீழே வந்தால் சிறுமூளைக்குப் பின்னாலும் அதே மாதிரி ஒன்று. "மேலே ஒரு சப்டியூரல், கீழே ஒரு சப்டியூரல். தமனி அந்தப் பக்கம் இல்லை, சிரை ரத்தம், அதனால் சப்டியூரல்." தேர்வில் அடிக்கடி எழுதப்படும் தவறு இதுதான்.

சஜிட்டல் படத்தைத் திறங்கள். இரண்டு இல்லை, ஒன்றே ஒன்று. டென்டோரியம் எலும்பில் பிடிக்கும் இடத்தை நடுவில் வைத்து மேலும் கீழுமாக நீண்ட ஒரே லென்ஸ். சப்டியூரலால் இது முடியாது, டென்டோரியம் நிறுத்தியிருக்கும். எக்ஸ்ட்ராடியூரல் ஏன் தாண்டுகிறது? டென்டோரியத்தின் பிடிப்பு ஆக்சிபிடல் எலும்பின் உட்புறத்தில், டிரான்ஸ்வெர்ஸ் சைனஸின் பள்ளத்தை ஒட்டி இருக்கிறது. அந்த இடத்தில் சூச்சர் எதுவும் இல்லை. மேலே ஆக்சிபிடல் லோபையும் கீழே சிறுமூளையையும் மூடுவது ஒரே எலும்பு. எலும்பிலிருந்து டியூரா மொத்தமாக உரியும்போது டென்டோரியமும் சைனஸும் சேர்ந்தே உள்ளே தள்ளப்படும். பக்கவாட்டில் லாம்டாய்ட் சூச்சரில் நிற்கும். போன் விண்டோவில் முறிவுக் கோடு அந்தப் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. கிழிந்தது டிரான்ஸ்வெர்ஸ் சைனஸ். சிரை ரத்தம் என்றாலே சப்டியூரல் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சைனஸ் எலும்பைத் தொட்டு ஓடுகிற இடத்தில் கிழிந்தால் ரத்தம் டியூராவுக்கு வெளியேதான் சேரும். (இதே காரணத்தால்தான் பெரியவர்களுக்கு நெற்றிப் பகுதி எக்ஸ்ட்ராடியூரல் நடுக்கோட்டைத் தாண்டலாம். அங்கிருந்த மெடோபிக் சூச்சர் குழந்தைப் பருவத்திலேயே மூடிவிட்டது.)

சிரை அழுத்தம் குறைவு. டியூராவை உரிக்கிற பலம் அதற்குப் பெரிதாகக் கிடையாது; அடி விழுந்தபோது எலும்பு உள்ளே வளைந்து ஏற்கெனவே உரித்துவிட்ட பையை மெதுவாக நிரப்பும். அதனால் முதல் ஸ்கேனில் 8 மி.மீ. என்று நிம்மதி அடையக் கூடாது. இவருக்கு 6 மணி நேரம் கழித்து மயக்கம் கூடுகிறது, மறு ஸ்கேனில் தடிமன் 20 மி.மீ. அளவைக் கணக்கிடுவோம். மிகப் பெரிய ஸ்லைஸில் நீளம் 5 செ.மீ., அதற்குச் செங்குத்தாகத் தடிமன் 2 செ.மீ. ரத்தம் தெரிவது 12 ஸ்லைஸ்கள், ஒவ்வொன்றும் 5 மி.மீ. மிகப் பெரியதன் பரப்பில் முக்கால்வாசிக்கு மேல் இருப்பவை 6, அவற்றை முழுதாக எண்ணுங்கள். கால்வாசி முதல் முக்கால்வாசி வரை 4, அவை பாதி. அதற்கும் குறைந்தவை 2, விட்டுவிடுங்கள். மொத்தம் 8, அதாவது 4 செ.மீ.

A × B × C ÷ 2 = 5 × 2 × 4 ÷ 2 = 20 மி.லி.

30 மி.லி.க்குக் கீழே, எனவே காத்திருக்கலாமா? கூடாது. அறுவை இல்லாமல் கவனிக்க 30 மி.லி.க்குக் குறைவு, தடிமன் 15 மி.மீ.க்குக் குறைவு, நடுக்கோடு விலகல் 5 மி.மீ.க்குக் குறைவு, ஜி.சி.எஸ். 8க்கு மேல், நரம்புக் குறைபாடு இல்லாமை எல்லாமே சேர்ந்து இருக்க வேண்டும். இங்கே தடிமனே தாண்டிவிட்டது. அதோடு டென்டோரியத்துக்குக் கீழே இடம் மிகக் குறைவு. அங்கே பார்க்க வேண்டியது மி.லி. அல்ல, நான்காவது வென்ட்ரிக்கிள் நசுங்கியதா, மேலே நீர் தேங்கி வென்ட்ரிக்கிள்கள் வீங்குகிறதா என்பதுதான். மூளைத்தண்டு அமுங்கினால் எச்சரிக்கையே இல்லாமல் மூச்சு நிற்கும்.

ஸ்கிரீனில் செய்கிற ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். மூளை பார்க்கும் விண்டோ W 80, L 40. அதாவது 0 HU கறுப்பு, 80 HU முழு வெள்ளை. புது ரத்தம் சுமார் 70 HU. அது 87.5% வெளுப்பில் தெரியும். பக்கத்தில் எலும்பு முழு வெள்ளை. மெல்லிய சப்டியூரல் எலும்போடு கரைந்து மண்டையோடே கொஞ்சம் தடித்த மாதிரி இருக்கும், கண்ணுக்கு அகப்படாது. W 200, L 80 வையுங்கள். இப்போது எல்லை −20 முதல் 180 வரை. அதே 70 HU ரத்தம் 45% சாம்பல், எலும்பு இன்னும் வெள்ளை. ஒட்டிக்கிடந்த பட்டை தனியாகப் பிரிந்து நிற்கும். ஆனால் ஒன்று முதல் மூன்று வாரப் பழைய சப்டியூரலுக்கு இந்த வித்தை உதவாது. அது மூளையின் நிறத்துக்கே வந்துவிடும். ஹீமோகுளோபின் மிகக் குறைந்தவர்களுக்குப் புது ரத்தமே அப்படித் தெரியலாம். அப்போது ரத்தத்தைத் தேடாதீர்கள். இரண்டு பக்கத்து சல்கஸ்களையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம் அவை எலும்பு வரை எட்டாமல் பாதியிலேயே முடிகின்றன என்று பாருங்கள்.

நம் கிளீனருக்கு மீதி இருக்கும் கேள்வி சைனஸைப் பற்றியது. உள்ளே தள்ளப்பட்ட டிரான்ஸ்வெர்ஸ் சைனஸ் வெறுமனே நசுங்கியிருக்கிறதா, உள்ளே உறைந்துவிட்டதா? சி.டி. வெனோகிராமில் சைனஸ் எலும்பை விட்டு விலகி, குறுகி, ஆனாலும் மருந்து நிரம்பித் தெரிந்தால் நசுங்கல். மருந்து ஒரு இடத்தில் அறுபட்டு அதற்குப் பின் வெறுமையாக இருந்தால் உறைவைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பக்கத்து டிரான்ஸ்வெர்ஸ் பிறவியிலேயே சிறியதாகவும் இருக்கலாம், பொதுவாக இடதுதான் சிறியது. அப்படியானால் எலும்பில் இருக்கும் பள்ளமும் ஆழமில்லாமல் இருக்கும். போன் விண்டோவுக்குத் திரும்பிப் போய் இரண்டு பக்கப் பள்ளத்தையும் ஒப்பிட்டபின் ரிப்போர்ட்டை எழுதுங்கள்.