அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்: கருவாட்டு வாடிக்குக் கடன் வாங்கிய அனுபவம்

பேங்க் கடனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிறவர்கள் கடைசியில் ‘சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ்’ என்று ஒரு பக்கம் சேர்ப்பார்கள். விற்பனை குறைந்தால், செலவு ஏறினால் லாபம் என்ன ஆகும் என்ற கணக்கு. பெரும்பாலும் அதை யாரும் படிப்பதில்லை. எங்கள் ஃபீல்டு ஆபீசர் படித்தார். அங்கேதான் எங்கள் ஃபைல் நின்றது.

மண்டபம் பக்கம் நானும் மச்சானும் நெத்திலிக் கருவாடு போடுகிறோம். வெறும் மணலில் காயப்போட்டது போதும், ஷெட்டும் சோலார் டிரையரும் போடலாம் என்று கடனுக்குப் போனோம். ஆதார், பான், இடத்து வாடகைப் பத்திரம், கொட்டேஷன் எல்லாம் சிக்கலில்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஆபீஸில் காசு கொடுத்து ரிப்போர்ட் போட்டோம்.

எங்கள் வருஷக் கணக்கு இது. கருவாடு 10,000 கிலோ, கிலோ 400 ரூபாய்க்கு விற்பனை. ஒரு கிலோ கருவாட்டுக்கு 4 கிலோ பச்சை மீன், ஏல விலை சராசரி 70 ரூபாய், ஆக மீனுக்கு மட்டும் 280. உப்பு, கூலி, பேக்கிங் 40. கிலோவுக்கு 80 ரூபாய் மிஞ்சும், மொத்தம் 8 லட்சம். அதில் வாடகை, சம்பளம், வட்டி, தேய்மானம் என்று மீன் வந்தாலும் வராவிட்டாலும் போகிற நிலையான செலவு 5 லட்சம். லாபம் 3 லட்சம்.

ரிப்போர்ட்டில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? ‘விற்பனை 10% குறைந்தால் லாபம் 2,70,000.’ ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “விற்பனை பத்து சதவீதம் குறைஞ்சா லாபமும் சரியா பத்து சதவீதம்தான் குறையுமா? அப்போ வாடகைக்காரரும் பத்து சதவீதம் குறைச்சுக்குவாரா தம்பி?” திருத்திக்கொண்டு வரச் சொல்லி ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ரிப்போர்ட் போட்ட ஆபீஸில் போய்க் கேட்டால், “எல்லா பேங்க்லயும் இதுதான் ஓடுது, உங்க ஆபீசர்தான் புதுசா கேக்குறாரு” என்றார்கள். ஃபைலைத் திறக்கச் சொன்னேன். எல்லாக் கட்டத்திலும் கையால் அடித்த எண்கள். மீன் விலையை மாற்றினால் லாபம் அசையவே இல்லை. எவருடைய பழைய ரிப்போர்ட்டிலோ ஒவ்வொரு வரியையும் 0.9-ஆல் பெருக்கி வைத்திருந்தார்கள். நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: பணம் கொடுக்கும் முன் ஒரு விலையை மாற்றச் சொல்லுங்கள், கடைசி வரி மாறுகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்து மச்சான் மகளை உட்கார வைத்து ஆறே கட்டத்தில் போட்டோம். B1 கருவாடு கிலோ, B2 விற்பனை விலை, B3 ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ மீன், B4 மீன் விலை, B5 இதர செலவு, B6 நிலையான செலவு. அதற்குக் கீழே லாபக் கட்டத்தில் இந்த ஒரு வரி:

```
=B1*(B2-B3*B4-B5)-B6
```

இதில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் பார்க்க வேண்டும். விலை அதேதான், கருவாடு மட்டும் கிலோ கணக்கில் 10% குறைவாகப் போட்டு விற்றால் லாபம் 2,20,000. மீன் விலை 10% ஏறினால் வெறும் 20,000. விற்பனை விலை 10% இறங்கினாலோ ஒரு லட்சம் நஷ்டம். ‘விற்பனை குறைந்தால்’ என்று ஒரே வரியில் எழுதியது எவ்வளவு மோசடி என்று அப்போதுதான் உறைத்தது. கிலோ குறைந்தால் மீன் வாங்குகிற செலவும் கூடவே குறைகிறது. விலை குறைந்தால் எந்தச் செலவும் குறைவதில்லை.

இன்னொரு பத்து சதவீதம் இருக்கிறது, அது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மீனை வாங்கி, உப்புப் போட்டு, கூலி கொடுத்து, காய்ச்சல் பத்தாமல் போகிற சரக்கு. அது கோழித் தீவனத்துக்குத்தான் போகும், கிலோ 60 என்று வைத்தோம். ஆயிரம் கிலோ அப்படிப் போனால் கிலோவுக்கு 340 வீதம் 3,40,000 போச்சு, லாபம் இருந்த இடத்தில் 40,000 நஷ்டம். அதே ஆயிரம் கிலோவைப் போடாமலே இருந்திருந்தால் 80,000தான் குறைந்திருக்கும். டிரையருக்குக் கடன் ஏன் வேண்டும் என்பதற்கு ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு பக்க விளக்கத்தை விட இந்த ஒரு வரி ஆபீசரிடம் அதிகம் பேசியது.

புதுத் தாளோடு போனபோது அவர் இன்ஸ்பெக்ஷனுக்குப் போயிருந்தார். பஸ் காசும் ஒரு நாள் ஏலமும் தண்டம். போன் செய்துவிட்டுப் போங்கள்.

அடுத்த முறை பிடித்தபோது வேறொன்று கேட்டார். “லாபம் பூஜ்யம் ஆகுற விலை 370ன்னு போட்டிருக்கீங்க. எனக்கு அது வேண்டாம். தவணை கட்ட முடியாம போற விலை எது?” வட்டி ஏற்கெனவே செலவில் இருக்கிறது, அசல் இல்லை. அசல் வருஷத்துக்கு 1,50,000. தேய்மானம் 50,000 கையை விட்டுப் போகிற பணமில்லை, அதைக் கழித்தால் குறைந்தது ஒரு லட்சம் லாபம் நிற்க வேண்டும். எக்செல்லில் Data, What-If Analysis, Goal Seek என்று போய், ‘Set cell’ கட்டத்தில் லாபக் கட்டத்தைக் கொடுத்து, ‘To value’ கட்டத்தில் 100000 போட்டு, ‘By changing cell’ கட்டத்தில் விற்பனை விலையைக் கொடுத்தால் 380 என்று வந்தது. மீன் விலையைக் கொடுத்தால் 75. ஒவ்வொரு முறையும் கட்டத்தைப் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது விடை முதல் விடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

70-க்கும் 75-க்கும் அஞ்சு ரூபாய்தான். “தடைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?” என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை பறக்கும். இங்கே மச்சானின் நோட்டு காப்பாற்றியது. ஏலக்கடையில் பில் கிடையாது, துண்டுச்சீட்டுதான். ஆனால் அவர் வாங்கிய விலையையும் எடையையும் தேதி போட்டு எழுதி வைக்கிற ஆள். அதைப் புரட்டினால் தடைக்கால மாதங்களில் 90-ஐத் தாண்டிய நாட்களில் நாங்கள் வாங்கவே இல்லை என்று தெரிந்தது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 90-க்கு வாங்கினால் மீனுக்கு 360, இதரம் 40, கிலோவில் ஒரு பைசா நிற்காது. அதற்கு மேல் வாங்கினால் போடப்போட நஷ்டம். 75 என்பது வருஷச் சராசரிக்கு எல்லை, 90 என்பது அன்றைய ஏலத்தில் கையை இறக்க வேண்டிய இடம். இரண்டையும் குழப்பினால் 80-க்கு வருகிற நல்ல மீனையும் விட்டுவிடுவோம். சராசரியும் எடையை வைத்துத்தான் போட வேண்டும். நிறைய வாங்கிய மாதத்து விலைக்கு அதிகப் பங்கு.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதில் ஒரு ஓட்டை உண்டு, ஆபீசரே சொன்னார். நெத்திலி குவிகிற காலத்தில் மீன் விலையும் இறங்கும், பின்னாலேயே கருவாட்டு விலையும் இறங்கும். இரண்டையும் சேர்த்து மாற்றி ஒரு வரி போடச் சொன்னார். மீன் 63, கருவாடு 360 என்று இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் இறக்கினோம். லாபம் 1,80,000, தவணை தாங்குகிறது.

கடன் வந்தது. மீன் கிடைக்கிற மாதங்களில் தவணை கூடுதலாகவும், தடைக்காலத்தில் வட்டி மட்டும் கட்டுகிற மாதிரியும் அமைத்துக் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். ரிப்போர்ட் ஆபீஸிலிருந்து ‘திருத்தக் கட்டணம்’ என்று ஒரு பில் வந்திருக்கிறது. திருத்தியது மச்சான் மகள், அவளுக்கே கட்டுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.