டொமைன் யார் பெயரில் இருக்கிறது? கரூரில் நாங்கள் பட்ட பாடு

கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்குப் புது வெப்சைட் தயார். நேம்சர்வரை மாற்றுவதுதான் பாக்கி. "டொமைன் லாகின் கொடுங்கண்ணா" என்றேன். பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். எட்டு வருட பில்கள், எல்லாமே பழைய டெவலப்பரின் லெட்டர்பேடில் அடித்தவை. ரெஜிஸ்ட்ரார் கம்பெனி கொடுத்த பில் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

whois போட்டுப் பார்த்தால் பிரைவசி போட்டு பெயரை மறைத்திருந்தது. காலாவதித் தேதி மட்டும் தெரிந்தது: இன்னும் 19 நாள். ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தி, அண்ணனிடம் இருந்த மூன்று மெயில் முகவரிகளையும் போட்டுப் பார்த்தோம். எதற்கும் ரீசெட் மெயில் வரவில்லை. கணக்கு அவருடையதில்லை என்பது உறுதியானது. உங்கள் கிளையன்ட்டுக்கும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

"வருஷா வருஷம் பணம் கட்டுறது நான்தானே தம்பி, அப்ப அது என்னுதுதானே?" என்று கேட்டார். பதில் சொல்லவே கஷ்டமாக இருந்தது. ஜிஎஸ்டி சான்றிதழ், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பினோம். பதிவில் உரிமையாளராக இருப்பவர் சொன்னால்தான் எதையும் தொடுவோம் என்று ஒரே பதில். வழக்குக்குப் போகலாமா என்றும் யோசித்தோம். கோர்ட்டுக்குப் போகாமல் .com பெயர்த் தகராறைத் தீர்க்கும் யுடிஆர்பி புகாருக்கு டிரேட்மார்க் உரிமையைக் காட்ட வேண்டும். அந்தப் புகார்களை எடுத்துக்கொள்ளும் வைப்போ அமைப்பில் கட்டணம் மட்டுமே 1,500 டாலரில் தொடங்குகிறது. முடிய மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்கு இருந்ததோ 19 நாள்.

பழைய டெவலப்பர் 'ரிலீஸ் சார்ஜ்' என்று 40,000 கேட்டார். நாலு நாள் பேசி 15,000-க்கு இறங்கினார். கொடுத்தோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்குப் பிறகு நடந்தது என் தவறு. முதலில் உரிமையாளர் பெயரை அண்ணன் பெயருக்கு மாற்றிவிட்டு, அப்புறம் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு டிரான்ஸ்ஃபர் செய்யலாம் என்று சொன்னேன். பழையவரும் மாற்றினார், உறுதி மெயில்களை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டோம். ஆத் கோடு வாங்கி டிரான்ஸ்ஃபர் போட்டால் நிராகரித்துவிட்டது. உரிமையாளர் விவரம் மாறினால் 60 நாள் பூட்டு! பெயர் அண்ணனுடையது, கணக்கு இன்னமும் பழையவருடையது, கெடு 11 நாள். அவர் கணக்கிலிருந்தே புதுப்பிக்கச் சொன்னால் திரும்பவும் பணம் கேட்பார்.

அன்று ராத்திரி ரெஜிஸ்ட்ராரின் உதவிப் பக்கங்களைத் துழாவியபோதுதான் 'புஷ்' கண்ணில் பட்டது. அதே ரெஜிஸ்ட்ராருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு டொமைனைத் தள்ளிவிடுவது. கம்பெனி மாறாததால் அந்தப் பூட்டு இதைத் தடுக்கவில்லை. காலையில் அண்ணன் பெயரில் அங்கேயே புதுக் கணக்கு தொடங்கி, பழையவரை போனில் வைத்துக்கொண்டே தள்ளச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அடுத்த நிமிடமே அண்ணன் தன் கார்டைப் போட்டு இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தார்.

ஹோஸ்டிங் மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. மெயில் மட்டும் இரண்டு நாள் படுத்தியது. பழைய நேம்சர்வரில் இருந்த எம்எக்ஸ், எஸ்பிஎஃப் பதிவுகளை நகலெடுத்தேன், மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் டிகிம் பதிவை விட்டுவிட்டேன். அண்ணன் அனுப்பிய கொட்டேஷன் ஜெர்மனி பையரின் ஸ்பாமுக்குப் போய்விட்டது. நேம்சர்வரை மாற்றும் முன் பழைய டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புது வேலை எதுவானாலும் முதல் நாளே கிளையன்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மெயில், அவர் போன், அவர் கார்டு வைத்துத்தான் டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் வாங்குகிறேன். அந்த மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுபோகும், ரீசெட் மெயில் வந்து சேர இடமிருக்காது. என்னைத் துணைப் பயனராகச் சேர்த்துவிடச் சொல்கிறேன், பாஸ்வேர்டை வாங்குவதில்லை. வெப்சைட்டின் அட்மின் கணக்கும் அவர் பெயரில்தான். எனக்குத் தனியாக ஒன்று, வேலை முடிந்தால் அவரே நீக்கிவிடலாம்.

போன வாரம் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்காரர், "இதெல்லாம் நீங்களே பாத்துக்கங்களேன் தம்பி" என்றார். கரூர் ஃபைலில் இருந்த பில்களைப் பற்றிச் சொன்னேன். பேசாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் வந்த ஓடிபியை அவரே தட்டினார்.