எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது நான் சொன்ன பதினான்கு

போன வருடம் வேலை மாற முயன்றபோது இரண்டு கேள்விகளுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லி ஒரு ஆஃபரையே இழந்தேன். "எக்ஸ்பெக்டட் எவ்வளவு சார்? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?" ஹெச்ஆர் போன் என்றாலே இந்த இரண்டும் வரும். இன்டர்வியூ மூன்று சுற்றும் நன்றாகவே போனது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. அடி விழுந்தது முதல் போனிலேயே.

நான் ஆறரை வருட அனுபவமுள்ள ஆட்டோமேஷன் டெஸ்டர், ஓஎம்ஆரில் வேலை. அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், சோழிங்கநல்லூர் சிக்னல் நெரிசலில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் பேசினார். இப்போதைய சிடிசி, அதாவது கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை, எவ்வளவு என்று கேட்டார், பதினொன்று லட்சம் என்றேன். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றார். மனசுக்குள் முப்பது சதவீதம் கூட்டிப் பார்த்து, கொஞ்சம் குறைத்து, "பதினாலு" என்றேன். நான் சொல்லி முடித்த அதே நொடியில் "ஓகே சார், நோட்டட்" என்றார். பேரம் பேசவில்லை, பட்ஜெட் பார்த்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேட்டவுடன் சரி என்றால், நாம் சொன்ன தொகை அவர்கள் வைத்திருக்கும் வரம்புக்கு நன்றாகக் கீழே இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்தக் கம்பெனியில் என் பழைய டீமில் இருந்த ஒரு அக்கா வேலை பார்க்கிறார். அந்த இடத்துக்குப் பதினெட்டு வரை போவார்கள் என்று அவர் பிறகு சொன்னார். அவரிடம் முதலிலேயே ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டிருக்கலாம், தோன்றவே இல்லை.

சரி, அந்தப் பதினான்கு லட்சமாவது கைக்கு வருமா என்றால் அதுவும் இல்லை. பழைய கம்பெனியில் பதினொன்று லட்சத்தில் வேரியபிள் 1.10 லட்சம். கம்பெனி போடும் பிஎஃப் மாதம் 1,800 ரூபாய்தான், ஏனென்றால் அவர்கள் 15,000 ரூபாய் என்ற சட்ட உச்சவரம்புக்கு மட்டும் 12 சதவீதம் போடுகிறவர்கள். கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் கழித்தால் மாதச் சம்பளம் சுமார் 78,000. என் பங்கு பிஎஃப் 1,800 போக 76,200. வரிக்கணக்கை இங்கே விட்டுவிடுகிறேன்.

புது ஆஃபரின் பிரேக்கப் மெயிலில் வந்தது. பதினான்கு லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே அட்டவணையைப் பார்த்தால் அதில் 20 சதவீதம், அதாவது 2.80 லட்சம், வேரியபிள். வருடக் கடைசியில் கம்பெனி நிலவரத்தையும் நம் ரேட்டிங்கையும் பார்த்துத் தருவது. பேசிக் 5.60 லட்சம், பிஎஃப் முழு பேசிக்குக்கும் 12 சதவீதம். ஆகவே கம்பெனி பங்கு 67,200 ரூபாய் சிடிசிக்குள்ளேயே போய்விடுகிறது. கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், கிட்டத்தட்ட 27,000. அது அங்கே ஐந்து வருடம் இருந்தால்தான் என் கைக்கு வரும். இன்சூரன்ஸ் 15,000. இதெல்லாம் போக மாதம் 84,200, அதில் என் பங்கு பிஎஃப் 5,600 போனால் 78,600. பிஎஃப் என் பணம்தான், எங்கும் போகாது, மறுக்கவில்லை. ஆனால் 27 சதவீத ஹைக் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாதம் 2,400 ரூபாய் அதிகம் வருகிற ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேரியபிள் முழுசாக வந்தால் கணக்கு வேறு. ஆனால் வீட்டு வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் வருடக் கடைசிவரை காத்திருக்காது.

போன் போட்டுக் கேட்டேன். "சார், நீங்க சொன்ன நம்பரைத்தானே கொடுத்திருக்கோம்" என்றார். அதில் தப்பே இல்லை. ஃபிக்ஸட் எவ்வளவு வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, மொத்தமாக ஒரு எண்ணைச் சொன்னேன். அவர்கள் அதை அவர்களுக்கு வசதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இதைவிட மோசமானது நோட்டீஸ் பீரியட். எனக்குத் தொண்ணூறு நாள். அதைச் சொன்னால் ப்ரொஃபைலைத் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், "தொண்ணூறு, ஆனா நெகோஷியபிள், நாற்பத்தஞ்சு நாள்ல முயற்சி பண்றேன்" என்றேன். அவர் குறித்துக்கொண்டது நாற்பத்தைந்து மட்டும். கடைசிச் சுற்று முடிந்து ஆஃபர் லெட்டர் வரவே பத்தொன்பது நாள் ஆனது. லெட்டர் கைக்கு வராமல் பேப்பர் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் அவர்கள் நாற்பத்தைந்து நாளை நான் போனில் சொன்ன தேதியிலிருந்து எண்ணி ஜாயினிங் தேதி போட்டிருந்தார்கள். உண்மையில் நோட்டீஸ் ஓட ஆரம்பிப்பது ரிசைன் செய்த தேதியிலிருந்து, அதாவது நம் கம்பெனி போர்ட்டலில் பதிவான நாளிலிருந்து.

மேனேஜரிடம் போனேன். ரிலீஸ் நடுவில் விட முடியாது என்றார். பணம் கட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். அப்போதுதான் ஆறரை வருடத்துக்கு முன்பு கையெழுத்துப் போட்ட அப்பாயின்ட்மென்ட் லெட்டரைத் தேடி எடுத்துப் படித்தேன். மீதி நாளுக்குப் பணம் கட்டலாம் என்றுதான் எழுதியிருந்தது. கூடவே, அதை ஏற்பதும் ஏற்காததும் கம்பெனியின் விருப்பம் என்று ஒரு வரி. பைஅவுட் என்பது நம் உரிமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போனால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த இடத்தில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொள்வோம். புது கம்பெனியில் ஒரு மாதம் தள்ளிப்போடக் கேட்டேன். ப்ராஜெக்ட் காத்திருக்காது என்று ஆஃபரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நல்லவேளை, போர்ட்டலில் ரிசைன் பட்டனை நான் இன்னும் அழுத்தியிருக்கவில்லை. அதை அழுத்திவிட்டுப் பேசப் போயிருந்தால் இரண்டு பக்கமும் போயிருக்கும், இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அடுத்த நான்கு மாதத்தில் மறுபடி முயன்றேன். முதலில் செய்தது, நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் என் ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு போட்ட "எக்ஸ்பெக்டட் 13 லட்சம்" அப்படியே கிடந்தது! ரெக்ரூட்டர் நமக்கு போன் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுகிறார், பிறகு நாம் போனில் என்ன உயர்த்திச் சொல்லி என்ன? நீங்களும் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

இந்த முறை ஒரு கம்பெனியின் சொந்த ஹெச்ஆரே பேசினார். பஸ்ஸில் இருந்தேன், "மேடம், ஏழரை மணிக்கு நானே கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, சம்பளக் கணக்கை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். எக்ஸ்பெக்டட் கேட்டார். "இந்த இடத்துக்கு என்ன ரேஞ்ச் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று சொன்னால், எனக்குச் சரிப்பட்டு வருமா என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்" என்றேன். "இல்ல சார், நீங்க சொன்னாதான் சிஸ்டத்துல ஏத்த முடியும்" என்றார். முன்பாக இருந்தால் அந்த இடத்தில் உளறியிருப்பேன். இன்னொரு தடவை அதையே பணிவாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். நான்கைந்து நொடி இருக்கும், ரொம்ப நேரம் போலத் தெரிந்தது. "பதினஞ்சுல இருந்து பதினெட்டு வரைக்கும் சார், அனுபவத்தைப் பொறுத்து" என்றார்.

எல்லாரும் இப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். கன்சல்டன்சிக்காரர்கள் பலர் எண் இல்லாமல் நகரவே மாட்டார்கள். அப்போது சொல்லத்தான் வேண்டும், ஆனால் ஃபிக்ஸடாகச் சொல்லுங்கள். நான் இப்படிச் சொன்னேன்: "ஃபிக்ஸட் பதினாறரை எதிர்பார்க்கிறேன். வேரியபிள் அதற்கு மேல் தனி. பிஎஃப், கிராஜுவிட்டி ஃபிக்ஸடுக்குள் வருகிறதா, வெளியிலா என்று பிரேக்கப் பார்த்த பிறகுதான் உறுதி சொல்வேன்." இப்போதைய சம்பளத்தைக் கேட்டபோது ஒளிக்கவில்லை. ஃபிக்ஸட் இவ்வளவு, வேரியபிள் இவ்வளவு என்று பிரித்துச் சொன்னேன். அதை ஏற்றிச் சொல்லச் சிலர் யோசனை கொடுப்பார்கள், கேட்காதீர்கள். ஆஃபருக்கு முன்னால் மூன்று மாத பேஸ்லிப் கேட்பார்கள், அங்கே தெரிந்துவிடும்.

"பதினாறரை கொஞ்சம் ஜாஸ்தி சார், பேசிட்டு சொல்றேன்" என்றார். அந்த "ஜாஸ்தி"யைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசியில் ஃபிக்ஸட் பதினாறு, வேரியபிள் தனியாக ஒன்றரை என்று முடிந்தது.

நோட்டீஸுக்கு மேனேஜரிடம் முன்கூட்டியே எதுவும் கேட்கவில்லை, கேட்டால் சந்தேகம் வரும். எங்கள் டீமிலிருந்து போன மூன்று பேர் எத்தனை நாளில் வெளியே வந்தார்கள் என்று மட்டும் அவர்களிடமே விசாரித்தேன். இரண்டு பேர் அறுபது நாளில், ஒருவர் முழுத் தொண்ணூறு. ஹெச்ஆரிடம் அதையே சொன்னேன்: ஒப்பந்தப்படி தொண்ணூறு, அறுபதில் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் வாக்குத் தர முடியாது, எண்ணுவது ரிசைன் செய்த நாளிலிருந்து. பைஅவுட் பணத்தை நீங்கள் தருவீர்களா என்றும் கேட்டேன். தருவோம் என்றார். அதை ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரியாகப் போடச் சொன்னேன். இரண்டு நாள் இழுத்தார்கள், போட்டார்கள். ஜாயினிங் தேதி தொண்ணூறு நாளுக்கே வைத்து, முன்னால் வர முடிந்தால் வரலாம் என்று வந்தது.

அறுபத்திரண்டாவது நாள் விட்டார்கள். மீதி இருபத்தெட்டு நாளுக்கு பேசிக் கணக்கில் சுமார் 31,000 ரூபாய் ஃபைனல் செட்டில்மென்டில் பிடித்தார்கள். எங்கள் லெட்டரில் பேசிக் என்று இருந்தது. சில கம்பெனிகளில் மொத்தச் சம்பளத்தில் பிடிப்பார்கள், அப்போது தொகை இரட்டிப்பாகிவிடும், உங்கள் லெட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த செட்டில்மென்ட் தாளைக் கொடுத்ததும் புது கம்பெனி இரண்டாவது மாதச் சம்பளத்தோடு போட்டுவிட்டது, சம்பளம் மாதிரியே வரி பிடித்துக்கொண்டு. ஒரு வருடத்துக்குள் நான் வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் லெட்டரில் இருக்கிறது.

இப்போது நௌக்ரியில் என் எக்ஸ்பெக்டட் கட்டத்தில் இன்றைய தொகை இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் லெட்டரை ஸ்கேன் செய்து போனிலேயே வைத்திருக்கிறேன், நோட்டீஸ் பக்கத்தை மட்டும் தனியாக.