முதல் அரைமணித்தியாலத்துப் பகிடி

ட்ரெய்னிங் குடுக்கிற ஆக்களிட்ட ஒரு ஐஸ்பிரேக்கர் லிஸ்ட் கட்டாயம் இருக்கும். எப்பவோ கொழும்பில நடந்த வேர்க்ஷொப்பில போட்டோகொப்பி எடுத்தது, கைமாறிக் கைமாறி இப்ப வட்ஸ்அப்பில பிடிஎஃப்பாச் சுத்துது. பலூன் ஊதி உடைக்கிறது, சின்ன வயசுப் படத்தைக் கொண்டுவந்து ஆர் எண்டு கண்டுபிடிக்கிறது, ரெண்டு உண்மை ஒரு பொய், பிறகு அந்தக் கப்பல் விளையாட்டு. கொழும்பில ஏசி ஹோலுக்குள்ள இதுகள் நல்லாத்தான் போகும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து முல்லைத்தீவிலயோ கிளிநொச்சியிலயோ ஒரு பொதுநோக்கு மண்டபத்தில செய்தா என்ன நடக்கும் எண்டு லிஸ்ட் எழுதின ஆள் யோசிச்சிருக்க மாட்டார், அவரில குறையும் இல்லை, அவருக்கு இந்த இடம் தெரியாது.

படத்தை எடுங்கோ. சின்ன வயசுப் படம் வச்சிருக்கிறவை எத்தினை பேர் இங்க? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகேக்க உறுதியையும் ஐடென்டி கார்ட்டையும் கொண்டுபோனதே பெரிய காரியம், அல்பம் எல்லாம் வீட்டோட போட்டுது. கலியாணப் படம் கூட இல்லாமல் இருக்கிற அக்காமார் கனபேர். பலூனும் அப்பிடித்தான். ஒரு மூலையில "டப்" எண்டு வெடிக்க மற்றப் பக்கம் இருக்கிற ஒரு ஐயா கதிரையை விட்டு எழும்பி நிக்கிறதை நான் பாத்திருக்கிறன், பிறகு வெக்கத்தில தானே சிரிச்சுக்கொண்டு இருந்திட்டார்.

கப்பல் விளையாட்டுத்தான் இதுகளுக்குள்ள மோசம். வளவாளர் நடுவில நிண்டு "கப்பல் மூழ்குது, கப்பல் மூழ்குது" எண்டு கத்துவார், "மூண்டு பேர்!" எண்டதும் மும்மூண்டு பேராச் சேந்து கட்டிப்பிடிக்கோணும், மிஞ்சுற ஆள் அவுட். 2004 டிசம்பர் 26 ஆம் திகதியைக் கண்ட கரையோரச் சனம், 2009 இல அந்தக் கரையிலயே நிண்ட சனம், அவைக்கு முன்னால இந்த விளையாட்டு. நான் பாத்த ஒரு பட்டறையில ஒரு அக்கா மிஞ்சிட்டா, வளவாளர் மைக்கில "பாருங்கோ அக்காவை ஒருத்தரும் காப்பாத்தேல்லை" எண்டார். எல்லாரும் சிரிச்சினம், அக்காவும்தான் சிரிச்சா. தேத்தண்ணிக்குப் பிறகு அவவின்ர கதிரை வெறுமையா இருந்தது. வரவுப் பதிவில கையெழுத்து இருந்தபடியா ரிப்போர்ட்டில அவ முழுநாள் பங்குபற்றின ஆள்தான்.

விளையாட்டை விட்டிட்டுப் பகிடி சொல்லலாமே எண்டு வாற ஆக்களும் இருக்கினம். அதில முதலாவது வகை கலியாணப் பகிடி, "தங்கச்சி இன்னும் தனியாவோ, இஞ்ச ரெண்டு தம்பிமார் இருக்கினம்" எண்ட மாதிரி. புருசன் காணாமல் போய், இருக்கிறாரோ இல்லையோ எண்டு இன்னும் தெரியாத பிள்ளை அதில இருக்கும், பொட்டு வச்சிருக்கிறாவா இல்லையா எண்டு பாத்தெல்லாம் நீங்கள் கண்டுபிடிக்கேலாது. ரெண்டாவது ஊர்ப்பகிடி. யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவர் வன்னியாக்களை நக்கலடிப்பார், இல்லாட்டி மலையகத் தமிழ் மாதிரிக் கதைச்சுக் காட்டுவார். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இருந்த குடும்பங்கள் ஏராளம், அவையின்ர பிள்ளையள் இப்ப உங்கட முன் வரிசையில இருக்கினம், உங்களை விடச் சுத்தமா வன்னித் தமிழ் கதைப்பினம், ஆனா வீட்டில அம்மா கதைக்கிறதைத்தான் நீங்கள் மேடையில கதைச்சுக் காட்டுறியள். மூண்டாவது, பகிடி இல்லாத மாதிரித் தெரியிற கேள்வி, "முந்தி எங்க வேலை செய்தனீங்கள்?" இங்க அந்தக் கேள்விக்கு எல்லாராலயும் சபையில பதில் சொல்லேலாது.

அப்ப என்னதான் சொல்லுறது எண்டு கேப்பியள். நான் மாதர் சங்கங்களுக்கும் சின்னச் சின்ன உற்பத்திக் குழுக்களுக்கும் கணக்குக் கொப்பி எழுதப் பழக்குற ஆள், எனக்குப் பகிடி சொல்லத் தெரியும் எண்டு வீட்டில ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டினம். ரொபேர்ட் புரொவைன் எண்டொரு அமெரிக்க ஆய்வாளர் சனம் கூடுற இடங்களில 1200 சிரிப்புகளைக் குறிச்சுப் பாத்தவர், அதில 10, 20 வீதம்தான் பகிடி எண்டு சொல்லக்கூடிய ஒண்டுக்குப் பின்னால வந்தது, மிச்சமெல்லாம் சும்மா கதைக்குத்தான். எனக்கு அதால பெரிய நிம்மதி. பகிடி பெரிசா இருக்கத் தேவையில்லை, அடி வாங்குறது சொல்லுற ஆளா இருக்கோணும், முடியிற இடத்தில மற்றவை வாய் திறக்க ஒரு கேள்வி இருக்கோணும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருத்தரும் தன்ர வாழ்க்கையைத் திறந்து காட்டத் தேவை வரக்கூடாது.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மண்டபத்தில செய்ததைச் சொல்லுறன். கடிதத்தில 8.30 எண்டு போட்டிருந்தது, சனம் சேர 9.30 ஆச்சு, 25 பேர் வரை, கூடுதலா அம்மாமார், பின்வரிசையில கொஞ்சம் இளம் பிள்ளையள், ஓரத்தில ஜி.எஸ், சங்கத் தலைவி. முன் வரிசைப் பிளாஸ்டிக் கதிரை வழக்கம்போல வெறுமை. நான் வணக்கம் சொல்லிட்டு இப்பிடித் தொடங்கினன்: "2025 மார்ச் 15 ஆம் திகதி ஞாபகம் இருக்கோ, அரசாங்கம் நாடு முழுக்கக் காலமை 8 மணியில இருந்து 8.05 வரைக்கும் குரங்கு, மயில் எல்லாம் எண்ணச் சொன்னது. நானும் கொப்பி பேனையோட வாசல்ல நிண்டன். ஒண்டும் இல்லை. 8.05 க்குப் பூச்சியம் எண்டு எழுதிக் கொப்பியை மூடினன். 8.06 க்கு முழுக் குடும்பமும் வேலியில வந்து குந்தி இருக்குது." சொல்ல அரை நிமிசம் கூட எடுக்காது. பிறகு "உங்கட பக்கம் எப்பிடி?" எண்டு கேட்டிட்டு வாயை மூடிடோணும், இதுதான் கஷ்டம், ஒரு நாலைஞ்சு செக்கன் மண்டபம் அமைதியா இருக்கேக்க நீங்களே இன்னொரு பகிடியை எடுத்து விட்டா எல்லாம் பழுதாப் போகும்.

"உங்கட பக்கம்" எண்டுதான் கேக்கிறது, "உங்கட காணியில" எண்டு கேக்கிறேல்லை. காணி இல்லாத ஆக்கள் அதில இருப்பினம், காணி இருந்தும் இன்னும் கைக்கு வராத ஆக்களும் இருப்பினம்.

முதல்ல ஒரு அம்மா சொன்னா, "தம்பி, எண்ணினது சரி, எண்ணப் போறம் எண்டு குரங்குக்கு ஆர் சொன்னது?" மண்டபம் சிரிச்சுது, எனக்கு விழுந்ததை விடக் கூட. பிறகு இன்னொரு அக்கா, தங்கட வளவில எண்ணி முடிய அதே கூட்டம் மதிலால பாஞ்சு தங்கச்சி வீட்டுக்குப் போனதாம், அங்கயும் எண்ணினவையாம். அதுக்குள்ள பின்னால ஒரு தம்பி "எங்கட சங்கத்திலயும் ரெண்டு மூண்டு நிக்குது, அதையும் எண்ணிறதோ" எண்டான். இதுக்கு விழுந்த சிரிப்பு ஆகக் கூட, ஆனா தலைவி சிரிக்கேல்லை. இந்த இடத்தில வளவாளர் சேந்து சிரிச்சா அந்த நாள் தலைவியோட சண்டை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நான் "தம்பி, அதுக்குள்ள முதல் ஆள் நான், நான் வாழைப்பழம் கண்டா விடமாட்டன்" எண்டு என்ர பக்கம் இழுத்திட்டன்.

பிறகு பேர் சொல்லுறது. பதவி, படிப்பு, குடும்பம் ஒண்டும் வேண்டாம், பேரும் ஊரும், ஊரில ஆகக் கூடின தொல்லை எது எண்டும் மட்டும். குரங்குக்கு ஒரு மூலை, யானைக்கு ஒரு மூலை, மயிலுக்கு, பண்டிக்கு எண்டு பிரிஞ்சு நிக்கச் சொன்னன். ஜி.எஸ் யானை மூலையில போய் ஒரு ஆச்சிக்குப் பக்கத்தில நிண்டார், ஆச்சி அவரிட்ட யானைவேலி எப்ப வரும் எண்டு கேக்கத் தொடங்கிட்டா, அது எங்கட பயிற்சிக்குச் சம்பந்தமில்லை, ஆனா அதுவரைக்கும் அவரைக் கண்டா எழும்பி நிக்கிற ஆக்கள் அவருக்குப் பக்கத்தில சாதாரணமா நிண்டு கதைச்சினம். எல்லாம் ஒரு கால் மணித்தியாலம், அதுக்கு மேல இழுக்கக் கூடாது, வெயிலில பஸ்ஸுக்கு நடந்து வந்த சனம்.

நான் பகிடிக்குள்ள குரங்கை வைச்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மிளகாய்த்தூள் பக்கெட் இருப்புக் கணக்கு எழுதேக்க எல்லாரும் விடுற பிழை ஒண்டுதான், ஸ்டோரில இருந்ததையும் எழுதுவினம், கடைக்குக் குடுத்து விக்காமல் திரும்பி வந்ததையும் புதுசா வந்த மாதிரித் திரும்ப எழுதுவினம். 100 பக்கெட்டில 40 கடைக்குப் போய் 15 திரும்பி வந்தா இருப்பு 75. கன கொப்பியில அந்த 15 புது உற்பத்திப் பக்கத்திலயும் ஏறி 90 எண்டு நிக்கும். அண்டைக்கு நான் விளங்கப்படுத்த முதலே அந்த அக்கா சொல்லிட்டா, "இது தங்கச்சி வீட்டுக்குப் போன குரங்குதானே". அதுக்குப் பிறகு பின்னேரம் வரைக்கும் ரெண்டு தரம் எழுதின வரிக்கெல்லாம் "குரங்கு" எண்டே பேர்.

பகிடி பிடிச்சுதோ இல்லையோ எண்டு சத்தத்தை வைச்சுப் பாக்காதேங்கோ. எங்கட ஆக்கள் மரியாதைக்குச் சிரிப்பினம். கண்ணைப் பாருங்கோ, பகிடி முடிஞ்ச உடன முதல்ல அதிகாரியின்ர முகத்தைப் பாத்திட்டு அவர் சிரிச்சாப் பிறகு சிரிக்கினம் எண்டா அது உங்கட பகிடிக்கு இல்லை. பக்கத்தில இருக்கிற ஆளைப் பாத்துச் சிரிச்சா நல்லம். அதை விட நல்ல அடையாளம், தேத்தண்ணியும் ரோல்ஸும் குடுக்கேக்க ஆராவது உங்களிட்ட வந்து தங்கட குரங்குக் கதையைச் சொல்லோணும். ஒருத்தரும் வராமல் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருந்தா அடுத்த செஷனில பகிடியை விட்டிட்டு நேரா வேலைக்குப் போங்கோ, திருத்துறன் எண்டு இன்னொண்டு சொல்லப் போய்த்தான் கனபேர் நாசமாப் போறவை.

புது வேலைக்குப் போற முதல் நாள் வேற கதை. அங்க நீங்கள் வளவாளர் இல்லை, மேசையும் இல்லை, கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட்டும் இன்னும் வந்திருக்காது, அப்ப பகிடி சொல்லுற உரிமை அங்க இருக்கிறவைக்குத்தான். "புது மிஸ்ஸுக்கு ஃபைல் அலுமாரித் திறப்பைக் குடுங்கோ, பல்லியும் சேத்துப் பாரம் குடுக்கோணும்" எண்டு ஒரு சீனியர் அண்ணை சொன்னா, பதிலுக்குப் பகிடி தேடாமல் "பல்லிக்கும் இன்வென்ரறி நம்பர் இருக்கோ அண்ணை?" எண்டு கேட்டாக் காணும், மிச்சத்தை அவரே சொல்லுவார். கையில ஒண்டும் வராட்டி கடைசி பஸ் எத்தினை மணிக்கு எண்டு கேளுங்கோ, ஒருத்தர் 4.30 எண்டுவார், மற்றவர் அது வாறதே இல்லை எண்டுவார், அரைமணித்தியாலம் போயிடும்.